சுற்றாத இரத்தத்தைக் குளிரில் வைக்காதே: எங்கள் கிளினிக்கில் நடைமுறைத் தாள் எழுதிய கதை

வன்னியில் ஒரு சிறிய கிளினிக்கில் ஆய்வுகூட வேலை பார்க்கிறேன். எங்களிடம் பெரிய இயந்திரங்கள் இல்லை. இரத்தம் எடுப்போம், சென்ட்ரிபியூஜில் வேகமாகச் சுற்றி, சீரம் என்ற நீர்ப்பகுதியைக் கலங்களில் இருந்து பிரிப்போம், பெட்டியில் வைத்து நகரத்து லாபுக்கு அனுப்புவோம். மதியம் 12 மணிக்கு ஒரு வாகனம் வந்து எடுத்துப் போகும், அவ்வளவுதான். ஆனால் ஊசி ஏறுவதற்கும் அந்த வாகனம் வருவதற்கும் இடையில் உள்ள சில மணி நேரத்தில்தான் ரிப்போர்ட்டில் வரும் இலக்கம் உண்மையா பொய்யா என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கைக்குப் போகிற நடைமுறைத் தாளை நாங்கள் ஏன் முழுதாகத் திருப்பி எழுதினோம், எப்படி எழுதினோம் என்று சொல்கிறேன். எல்லாப் பரிசோதனையையும் தொடவில்லை. பொட்டாசியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன். அது சரியாக வந்தால் அதே ரியூப்பில் பார்க்கிற மற்றவையும் அநேகமாகச் சரியாகவே வரும்.

எங்கள் பக்கம் பொட்டாசியம் அடிக்கடி பார்க்க வேண்டிய ஒன்று. நீரிழிவு, பிரஷர், அதோடு சிறுநீரகக் கோளாறு என்று வருகிறவர்கள் அதிகம். பிரஷருக்கும் சிறுநீரகத்துக்கும் கொடுக்கிற லொசார்ட்டன், எனலாப்பிரில் போன்ற மருந்துகள் பொட்டாசியத்தை ஏற்றக் கூடியவை. சாதாரணமாக 3.5க்கும் 5.1க்கும் இடையில் இருக்க வேண்டிய இலக்கம் 6.5ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால் அந்த இலக்கத்தைப் பார்த்த டொக்டர் சும்மா இருக்க மாட்டார்.

நடந்தது இதுதான். வயலில் இருந்து நேரே வந்த அறுபது வயது தாண்டிய ஒரு ஐயா, லொசார்ட்டன் எடுப்பவர், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேற்றினின் கொஞ்சம் கூடி 1.6இல் நிற்பவர். வாகனம் போன பிறகு, பின்னேரம் 2 மணிக்கு வந்து சேர்ந்தார். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாத தங்கச்சி ஒருவர் இரத்தம் எடுத்தார். மஞ்சள் மூடி ரியூப்பில் விட்டு, பெயர் எழுதி, நேரே பிரிட்ஜில் வைத்தார். அடுத்த நாள் மதியம் வாகனம் எடுத்துப்போனது. லாப்பில் போய்த்தான் சுற்றினார்கள். பொட்டாசியம் 6.8.

டொக்டர் ஐயாவின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார். அங்கே இசிஜி எடுத்தார்கள், ஒரு கோளாறும் இல்லை. புதிதாக இரத்தம் எடுத்து உடனே பார்த்தபோது 4.7. ஐயா இரண்டு நாள் வார்டில் இருந்துவிட்டு வந்தார். அது நெல் வெட்டுகிற நேரம்.

தங்கச்சியிடம் கேட்டேன். "அக்கா, பிரிட்ஜ் கதவில ஒட்டின பேப்பரில மாதிரியை எடுத்தவுடன் குளிரில் வைக்கவும் எண்டுதானே எழுதியிருக்கு?" என்றார். போய்ப் பார்த்தேன். பழுப்பேறின லமினேற் தாள், மூலையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டியது. அவர் சொன்ன வரி அப்படியே இருந்தது. யாரோ எப்போதோ எழுதி, யாரும் திருப்பிப் படிக்காமல் விட்ட தாள். அந்தப் பிள்ளை தாளில் இருந்ததை ஒரு சொல் பிசகாமல் செய்திருக்கிறார்.

குளிரில் வைத்தால் கெடாது என்பது மீனுக்கும் பாலுக்கும் சரி. பிரிக்காத இரத்தத்துக்கு அது நேர்மாறு. உடலில் உள்ள பொட்டாசியத்தில் மிகப் பெரும் பகுதி கலங்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. சிவப்புக் கலத்தின் சுவரில் உள்ள பம்பு ஓயாமல் பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருக்கும். குளிரில் அந்தப் பம்பு நின்றுபோகிறது. உள்ளே இருந்தது மெல்ல மெல்ல வெளியே கசிந்து சீரத்தில் சேர்கிறது. கலம் உடையாததால் சீரம் சிவக்காது. பார்த்தால் தெளிந்த வைக்கோல் நிறத்தில் அழகாக இருக்கும். லாப்பில் இருப்பவருக்குச் சந்தேகம் வர ஒரு வழியும் இல்லை. ஓர் இரவு முழுக்க அப்படிக் கிடந்தால் 4.7 என்பது 6.8 ஆவது ஆச்சரியமே இல்லை.

இது குளிரால் வந்தது என்று நாங்கள் எப்படி முடிவுக்கு வந்தோம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பொட்டாசியம் பொய்யாக ஏறுவதற்கு வேறு வழிகளும் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் அடையாளத்தை விட்டுப் போகும்.

முதலில் பார்த்தது சீரத்தின் நிறம். இரத்தக் கலங்கள் உடைந்திருந்தால் சீரம் ரோஸ் நிறமாகவோ சிவப்பாகவோ இருக்கும். மெல்லிய ஊசியால் இழுத்து எடுத்தாலும், சிரிஞ்சை அழுத்தி ரியூப்பில் பீய்ச்சினாலும், ரியூப்பைக் குலுக்கினாலும் கலங்கள் உடையும். ஸ்பிரிட் காய்வதற்கு முன் குத்துவதும் ஒரு காரணம். அன்றைய சீரம் தெளிவாக இருந்ததாக லாப்பில் சொன்னார்கள். ஆகவே இது இல்லை.

அடுத்தது ஊதா மூடி ரியூப். அதில் இரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ என்பது பொட்டாசிய உப்பு. ஊதாவுக்கு முதலில் விட்டு, சிரிஞ்சின் முனை அதன் வாயில் பட்டு, பிறகு மஞ்சளுக்கு விட்டால் ஒரு சொட்டிலேயே பொட்டாசியம் ஏறிவிடும். ஆனால் அதே இடிடிஏ கல்சியத்தைப் பிடித்துக் கட்டிவிடும். பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறி, கல்சியமும் அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற நொதியமும் நம்ப முடியாத அளவு இறங்கியிருந்தால் ஊதா கலந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எங்களிடம் மீதிச் சீரம் இருந்தது. கல்சியம் பார்க்கச் சொன்னோம். சரியாக இருந்தது. ஆகவே இதுவும் இல்லை.

கையில் பட்டியை இறுகக் கட்டி, "கையைப் பொத்திப் பொத்தி விரியுங்கோ" என்று சொல்வதும் பொட்டாசியத்தை ஏற்றும். தசை வேலை செய்யும்போது அதிலிருந்து பொட்டாசியம் வெளிவரும். ஆனால் அது அந்த ஓர் ஆளின் இரத்தத்தை மட்டுமே பாதிக்கும். நாங்கள் ரெஜிஸ்டரைப் புரட்டி, அதே பின்னேரம் எடுத்து இரவு பிரிட்ஜில் இருந்த மற்ற இரண்டு பேரின் ரிப்போர்ட்டையும் பார்த்தோம். ஒருவருக்கு 5.9, மற்றவருக்கு 6.3. ஒருவர் இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, எந்த மருந்தும் எடுக்காதவர். அன்று காலை எடுத்துச் சுற்றி அனுப்பியவர்களில் ஒருவருக்கும் 5ஐத் தாண்டவில்லை. ஒரே இடத்தில் ஒன்றாகக் கிடந்த மூன்றும் ஒன்றாக ஏறியிருக்கின்றன. அதோடு விடயம் வெளித்துவிட்டது.

சரி, அப்படியென்றால் குளிரில் வைக்காமல் மேசையில் விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. இதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். எங்கள் ஊரின் பங்குனி, சித்திரை வெயிலில் அறைக்குள் 33, 34 பாகை இருக்கும். சூட்டில் கலங்கள் சுறுசுறுப்பாகக் குளுக்கோஸைத் தின்னும், பம்பும் வேகமாக வேலை செய்யும். அதனால் முதல் சில மணி நேரம் பொட்டாசியம் உள்ளே போய்ச் சீரத்தில் குறையும். குளுக்கோஸ் தீர்ந்தபின் பம்பு ஓய்ந்து, பொட்டாசியம் திரும்ப வெளியே வரும். இடையில் எந்த நேரத்தில் சுற்றினோம் என்பதைப் பொறுத்து இலக்கம் மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். உண்மையிலேயே 6 இருக்கிற ஒருவருக்கு 5.2 என்று ரிப்போர்ட் வந்து, டொக்டர் "பரவாயில்லை, அதே மருந்தைத் தொடருங்கோ" என்று அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? பொய்யாக ஏறிய இலக்கத்தை ஆஸ்பத்திரியில் இன்னொரு ஊசி திருத்திவிடும். பொய்யாக இறங்கிய இலக்கத்தைத் திருத்த ஒருவரும் வரமாட்டார்கள்.

குளுக்கோஸ் கதையும் இதேதான். பிரிக்காத இரத்தத்தில் சாதாரண அறைச் சூட்டிலேயே மணிக்கு 5 முதல் 7 வீதம் குறையும். எங்கள் வெயிலில் இன்னும் கூட. அதற்குத்தான் சாம்பல் மூடி ரியூப். அதில் உள்ள புளோரைட்டு கலங்கள் சீனியைத் தின்பதை நிறுத்தும். ஆனால் முழுதாக நிறுத்த ஒன்று, இரண்டு மணி நேரம் எடுக்கும் என்பதால் அதையும் வெயிலில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

ஆகவே தாளின் நடுத்தூண் ஒன்றுதான்: எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் சுற்றிப் பிரிக்க வேண்டும், பிரித்த பிறகே குளிர். மற்ற எல்லாவற்றையும் இதைச் சுற்றித்தான் எழுதினோம்.

எழுதும்போது பழைய தாளில் இருந்த "எடுத்தவுடன்", "விரைவில்", "போதிய நேரம்" எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மணிக்கணக்கை எழுதினோம். ரியூப்பில் பெயரோடு எடுத்த நேரமும் கட்டாயம் எழுத வேண்டும் என்பது முதல் மாற்றம். 7.20க்கு எடுத்தால் "7.20" என்று எழுத வேண்டும். 9.20க்கு முன் அது சுற்றி முடிந்திருக்க வேண்டும். புதியவர் ஒருவர் எதையும் மனதில் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ராக்கைப் பார்த்தால் எந்த ரியூப்புக்கு நேரம் நெருங்குகிறது என்று தெரியும்.

பெயர் எழுதுவதைப் பற்றி இரண்டு வரிதான் தாளில் உண்டு, ஆனால் கண்டிப்பானவை. ஒன்று, "நீங்கள் கந்தசாமி ஐயாதானே?" என்று கேட்கக் கூடாது. எங்கள் முதியவர்கள் மிஸ் சொன்னால் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிடுவார்கள், காது கேளாவிட்டாலும் ஆட்டுவார்கள். "ஐயா, உங்கட முழுப்பெயரைச் சொல்லுங்கோ, தகப்பன்ட பெயரையும் சொல்லுங்கோ" என்று அவர் வாயால் வரவைக்க வேண்டும். கூடவே அடையாள அட்டை இலக்கம், அது இல்லாவிட்டால் கிளினிக் கொப்பி இலக்கம். இரண்டு, லேபிளை இரத்தம் எடுத்த பிறகு, அவர் கதிரையில் இருந்து எழும்புவதற்கு முன் ஒட்ட வேண்டும். முன்கூட்டியே வரிசையாக எழுதி ஒட்டி வைத்த வெறும் ரியூப்கள்தான் ஆள் மாறுவதற்கு முதல் காரணம்.

எடுக்கும் முறையில் புதியவர்கள் தடுமாறுவது ரியூப்களின் வரிசையில். நாங்கள் சிரிஞ்சால் எடுத்து, அமத்து மூடியுள்ள ரியூப்களில் விடுகிறோம். பட்டியை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைப்பதில்லை. இரத்தம் வரத் தொடங்கியதும் தளர்த்துகிறோம். ஊசியை மூடாமல், கூர்ப்பொருள் பெட்டியின் வெட்டில் மாட்டிக் கழற்றி விழுத்துகிறோம். பிறகு மஞ்சள், அடுத்து ஊதா, கடைசியில் சாம்பல். சிரிஞ்சின் முனை ரியூப்பின் விளிம்பில் படக் கூடாது. இரத்தம் உள்சுவர் வழியாக வழிந்து இறங்க வேண்டும். ஊதாவையும் சாம்பலையும் மூடி, மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், எட்டுத் தொடக்கம் பத்துத் தரம். குலுக்கக் கூடாது. ஒன்றில் குறைந்துவிட்டால் இன்னொன்றில் இருந்து ஊற்றக் கூடாது. இந்தக் கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம். ஊதாவில் கூடிவிட்டது, மஞ்சளில் குறைந்துவிட்டது என்று கொஞ்சம் ஊற்றிச் சமப்படுத்துவது பார்ப்பதற்குச் சிக்கனமான வேலை மாதிரித் தெரியும். பொட்டாசியத்துக்கு அதைப்போல் கேடு வேறில்லை.

மஞ்சள் ரியூப் ராக்கில் நிமிர்ந்து 30 நிமிடம் நிற்க வேண்டும். இரத்தம் முழுதாக உறைய அவ்வளவு நேரம் வேண்டும். வோபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் கூடத் தேவைப்படும். அவசரப்பட்டுப் பத்து நிமிடத்தில் சுற்றினால் சீரத்துக்குள் பிறகு ஜவ்வு மாதிரி நார் கட்டும், லாப்பின் இயந்திரம் அதை உறிஞ்சி அடைபடும். ராக்கை ஜன்னலோரம் வைக்கக் கூடாது என்பதையும் எழுதினோம். காலை வெயில் எங்கள் மேசையில் எந்த மூலைக்கு வரும் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது. ஆகவே ராக் நிற்கும் இடத்தை மேசையிலேயே பெயின்ற் கோடு போட்டு அடைத்துவிட்டோம்.

சென்ட்ரிபியூஜில் பழைய தாள் "3000இல் 10 நிமிடம்" என்றது. எந்த இயந்திரத்தில் என்று இல்லை. ஒரே வேகத்தில் சுற்றினாலும் கை நீளமான இயந்திரம் கூடிய விசை கொடுக்கும், குட்டையானது குறைந்த விசை கொடுக்கும். எங்கள் மஞ்சள் ரியூப் ஜெல் உள்ளது, அதற்கு 1000 முதல் 1300 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கு விசை வேண்டும். கணக்கு இது:

```
RCF = 1.118 × 10^-5 × r × rpm^2
```

இதில் RCF என்பது ஜி கணக்கில் விசை, rpm என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று, r என்பது நடுவில் இருந்து ரியூப்பின் அடிவரை சென்ரிமீற்றரில். எங்களுடையது 10 சென்ரிமீற்றர். 3300இல் சுற்றினால் ஏறத்தாழ 1200 ஜி வரும். கணக்கைப் பொறுப்பானவர் ஒரு தரம் செய்தால் போதும். புதியவருக்கு வேண்டியது டயலில் 3300க்கு நேரே ஒட்டிய பச்சை ரேப் துண்டு மட்டும்தான். எதிர் எதிரே சம உயரத்தில் ரியூப் இருக்க வேண்டும், ஒற்றையாக இருந்தால் தண்ணீர் விட்ட ரியூப் ஒன்று. தானாக நிற்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது.

நின்றதும் பார்க்க வேண்டியதைத் தாளில் படமாகவே வரைந்தோம். கீழே கலங்கள், நடுவில் ஜெல் ஒரு வளையமாக முழுதாக அடைத்து, மேலே சீரம். ஜெல் சரிந்து ஓரிடத்தில் இடைவெளி இருந்தால் பிரியவில்லை. அப்போது மனம் திரும்ப ஒரு தரம் சுற்றச் சொல்லும். ஜெல் ரியூப்பை இரண்டாம் தரம் சுற்றக் கூடாது. ஜெல்லுக்குக் கீழே கலங்களோடு கிடந்த, பொட்டாசியம் கூடிய சீரம் மேலே ஏறிவிடும். சீரத்தை மட்டும் எடுத்து, பெயரும் நேரமும் முன்பே எழுதிய சின்ன ரியூப்பில் விட வேண்டும். பிறகுதான் பிரிட்ஜ், 2 முதல் 8 பாகை. சீரத்தின் நிறத்தைச் சுவரில் ஒட்டிய வர்ணப் படத்தோடு ஒப்பிட்டு, ரோஸ் என்றால் ரெஜிஸ்டரில் எழுதி, ஆள் இன்னும் வாசலில் இருக்கும்போதே திரும்ப எடுப்பது நல்லது. அதனால்தான் பொட்டாசியத்துக்கு எடுத்தவர்களைச் சுற்றி முடியும்வரை போக விடுவதில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொல்கிறோம்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ரெஜிபோம் பெட்டி, ஐஸ் பொதிக்கும் ரியூப்புக்கும் இடையில் மடித்த துவாய், ரியூப்கள் நிமிர்ந்து, ஒவ்வொரு தொகுதியும் உறிஞ்சும் தாளோடு மூடிய பையில். படிவங்கள் வேறு பையில், இரத்தம் கசிந்தாலும் எழுத்து அழியாமல். கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளின் ஹான்டிலில் தொங்கவிட்டுக் கொண்டுபோகக் கூடாது.

அதிகம் பேச்சு நடந்தது ஒரு வரியைப் பற்றித்தான். கறண்ட் இல்லாவிட்டால், அல்லது சுற்றுவதற்கு ஆள் இல்லாவிட்டால் மஞ்சள் ரியூப் எடுக்கவே கூடாது என்று எழுத வேண்டும் என்றேன். பஸ் ஏறி, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்புவதா என்று கிளினிக்கில் உள்ளவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் அது வலிக்கிற விடயம். ஆனால் பொய்யான இலக்கத்தைக் கையில் கொடுத்து அனுப்புவது அவருக்குச் செய்கிற உதவி இல்லை. கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம். அன்றைக்கு ஊதாவை மட்டும் எடுக்கலாம். முழு இரத்தப் பரிசோதனைக்கும் மூன்று மாதச் சீனி பார்க்கும் எச்பிஏ1சிக்கும் அதைச் சுற்றத் தேவையில்லை, குளிரில் அடுத்த நாள்வரை தாங்கும். பொட்டாசியத்துக்கு அடுத்த கிளினிக் நாளில் வரிசையில் நிற்காமல் முதல் ஆளாக எடுக்கப்படும் என்று கொப்பியில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு நெஞ்சுப் படபடப்போ கைகால் சோர்வோ இருந்தால் இந்த விதி பொருந்தாது. டொக்டரிடம் சொல்லி நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். இந்த முடிவை எடுக்கப் புதியவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதையும் தாளிலேயே எழுதினோம். அந்த வரி இல்லாவிட்டால் முதல் மாதத்தில் இருக்கும் பிள்ளை ஒருவர் ஒரு பெரியவரைப் பார்த்து "இண்டைக்கு ஏலாது" என்று சொல்லவே மாட்டார்.

தாள் எழுதி முடித்ததும் அதை நான் விளக்கவில்லை. வரவேற்பில் இருக்கும், இரத்தம் எடுத்துப் பழகாத பிள்ளையிடம் கொடுத்து, தண்ணீர் நிரப்பிய ரியூப்களோடு செய்யச் சொன்னேன். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன். "30 நிமிடம் வைக்கவும்" என்ற இடத்தில் அவர் ரியூப்பைப் படுக்க வைத்தார். "நிமிர்த்தி" என்ற சொல் அப்போதுதான் சேர்ந்தது. சின்ன ரியூப்பில் சீரத்தை விட்டபின் பெயர் எழுதினார். "முதலில் பெயர், பிறகு சீரம்" என்று வரிசையை மாற்றினோம். எங்கே கை நிற்கிறதோ, எங்கே கண் என்னைத் தேடுகிறதோ, அந்த வரி சரியில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு படியின் கீழும் ஏன் என்று ஒரு வரி உண்டு. "சுற்றாமல் குளிரில் வைக்காதே: பொட்டாசியம் பொய்யாக ஏறும், சீரம் சிவக்காது" என்பது போல. காரணம் தெரிந்தவர் தாளில் இல்லாத ஒரு நிலைமை வந்தாலும் ஓரளவு சரியாக முடிவெடுக்கிறார். தாள் ஒரே பக்கம்தான், ஆனால் மூன்று துண்டாக வெட்டி, இரத்தம் எடுக்கும் கதிரைக்கு மேலே ஒன்று, சென்ட்ரிபியூஜுக்கு மேலே ஒன்று, பிரிட்ஜ் கதவில் ஒன்று என ஒட்டியிருக்கிறோம். மூன்றிலும் ஒரே திகதி இருக்கும். திருத்தினால் மூன்றையும் கழற்றி, கிழித்து, புதியதை ஒட்டி, ரெஜிஸ்டரில் கையெழுத்து வைக்க வேண்டும்.

ரெஜிஸ்டரில் இப்போது நான்கு புதிய நிரல்கள் உண்டு: எடுத்த நேரம், சுற்றிய நேரம், சீரத்தின் நிறம், குளிருக்குப் போன நேரம். மாதக் கடைசியில் எடுத்த நேரத்துக்கும் சுற்றிய நேரத்துக்கும் இடையில் இரண்டு மணியைத் தாண்டியவற்றையும், ரோஸ் நிறம் என்று எழுதியவற்றையும் எண்ணிப் பார்க்கிறேன். ரோஸ் நிறம் ஒருவருடைய கையிலேயே திரும்பத் திரும்ப வந்தால் அவருடன் உட்கார்ந்து இரத்தம் எடுப்பதைப் பார்ப்பேன். எல்லோருடைய கையிலும் ஒரே வாரத்தில் வந்தால் புதிதாக வந்த ஊசிப் பெட்டியின் அளவைப் பார்ப்பேன். 5.5ஐத் தாண்டிய பொட்டாசியம் ஒன்று லாப்பில் இருந்து வந்தால் டொக்டர் இப்போது இலக்கத்தோடு இந்த நான்கு நிரலையும் சேர்த்தே கேட்கிறார்.